செயலி “கால் தங்கம்” என்கிறது: நகைப் படத்தில் முத்திரை வாசித்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை
2014-இல் குவாங்சௌவில் வாங்கிய ஒரு செயின். கொக்கிக்குப் பக்கத்தில் அரிசி அளவுக்கு ஒரு தகடு தொங்குகிறது. அதன் ஒரு பக்கம் மூன்று சீன எழுத்து, மறுபக்கம் இரண்டு ஆங்கில எழுத்து. எண் எதுவும் இல்லை. போனில் படமெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ஒரு படத்துக்கு “கால் தங்கம்” என்று வருகிறது, இன்னொன்றுக்குப் “பத்து அடி தங்கம்” என்று வருகிறது. கால் என்றால் நாலில் ஒரு பங்கு, ஆகவே ஆறு காரட் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். எடை 11.42 கிராம். இது மாதிரி முத்திரையைப் படத்தை வைத்தே வாசித்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பத்தர் தெரு
ஆறு காரட்டில் யாரும் செயின் செய்ய மாட்டார்கள் அம்மா, கறுத்துப் போகும். ஆனால் சுத்தத் தங்கமாகவும் இருக்க முடியாது. 24 காரட்டில் நகம் பட்டாலே தடம் விழும், செயின் இழுபட்டு அறுந்துவிடும். 18 அல்லது 22 ஆகத்தான் இருக்கும். எழுத்தை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ளாமல் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

முத்துநதி
அந்த எழுத்து 足金 என்று நினைக்கிறேன், உச்சரிப்பு ‘ட்ஸூ ஜின்’. முதல் எழுத்துக்குப் பாதம் என்றும் பொருள் உண்டு, ‘போதுமான, நிறைவான’ என்றும் பொருள் உண்டு. நகையில் வரும்போது இரண்டாவது பொருள்தான். செயலி பாதத்தை எடுத்துக்கொண்டது, அதைத் தமிழில் ‘கால்’ என்று போட்டது, நாம் அதைக் கால்வாசி என்று படித்துவிட்டோம். ஒரே சொல் இரண்டு முறை தடம் மாறி, நிறைவான தங்கம் கால்வாசித் தங்கமாகிவிட்டது. சீன வழக்கில் இந்தச் சொல் ஆயிரத்துக்கு 990 பங்குக்குக் குறையாத தங்கத்துக்கு மட்டுமே உரியது. ஹாங்காங்கிலும் அதே 990தான்.

உங்களுடையதில் மூன்று எழுத்து இருப்பதால் முன்னால் ‘ஆயிரம்’ என்ற எழுத்து இருந்திருக்க வேண்டும்: 千足金. அது 999 பங்கைக் குறிக்கும். ஆயிரத்துக்கும் பத்துக்கும் சீன எழுத்தில் வித்தியாசம் தலையில் இருக்கும் ஒரு சாய்ந்த கோடுதான். 千 தேய்ந்தால் 十. அந்தக் கோடு தேய்ந்தோ, வெளிச்சத்தில் மறைந்தோ போனால் ‘ஆயிரம்’ ‘பத்து’ ஆகிவிடும். “பத்து அடி” அப்படித்தான் வந்திருக்கும். வாங்கிய ஆண்டும் இதற்குப் பொருந்துகிறது. 2016 மே மாதத்தில் சீனத் தரவிதி திருத்தப்பட்ட பிறகு ‘ஆயிரம்’ சேர்த்த பெயரை நிறுத்திவிட்டார்கள். இப்போதைய நகைகளில் ‘足金’ என்றும் பக்கத்தில் 999 என்றும்தான் பார்க்கலாம்.

பத்தர் ஐயா சொன்ன மென்மை உண்மைதான், ஆனால் அதை வைத்து ‘இருக்கவே முடியாது’ என்று சொல்ல முடியாது. சீனாவில் 24 காரட் செயின் சாதாரணமாக அணிகிற பொருள். கண்ணிகளைத் தடிமனாகப் போடுவார்கள், தொங்கல் கனமாக இருக்காது, அவ்வளவுதான்.

பத்தர் தெரு
அந்த எழுத்து விவரம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். உரைகல்லை மட்டும் விடமாட்டேன்.

உரசாமல் பார்
உரைகல் 18-க்கும் 22-க்கும் வித்தியாசம் காட்டும். 990-க்கும் 999-க்கும் கண்ணால் பிரிக்க முடியாது. தடித்த முலாம் போட்ட பொருளில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் முலாம்தான் கல்லில் ஏறும், அது அசல் தங்கம் போலவே காட்டும். அரத்தால் ஒரு ஓரம் கீறி உள்ளே இருப்பதை உரசினால்தான் பலன், அதற்கு நகைக்காரர் சம்மதிக்க வேண்டும்.

முதலில் படத்தைச் சரியாக எடுப்போம். தகட்டைச் சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் காய விடுங்கள். பள்ளத்தில் அழுக்கு இருந்தால் கோடு கூடுதலாகத் தெரியும், மினுக்குப் பொடி போட்டால் இருக்கிற கோடும் தேயும். போனின் ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். நேரெதிர் வெளிச்சம் தகட்டில் பட்டுத் திரும்பி எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடும். இன்னொரு போனின் டார்ச்சைத் தகட்டோடு கிட்டத்தட்டப் படுத்த நிலையில் பக்கத்திலிருந்து அடியுங்கள், நடுவே ஒரு டிஷ்யூ தாள் பிடியுங்கள். நாலு பக்கமிருந்தும் அடித்து நாலு படம் எடுங்கள். வெளிச்சம் ஓடுகிற திசையிலேயே இருக்கும் கோடு நிழல் விழாமல் மறைந்துவிடும், அதனால் ஒரே படத்தை நம்பக் கூடாது. முத்துநதி சொன்ன தலைக்கோடு ஒரு படத்தில் வந்து இன்னொன்றில் வராமல் போவதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

அப்படியும் வராவிட்டால் மெழுகுவத்திப் புகைக்கரியை ஒரு ஸ்பூனில் பிடித்து, விரலால் தகட்டில் லேசாகத் தடவி, செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். மேடு கறுப்பாகவும் பள்ளம் வெள்ளையாகவும் வரும். டேப்பின் மேல்பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்து நேராகத்தான் இருக்கும், கண்ணாடி பிம்பமாக இராது.

காவேரிப்பாக்கம்
எங்களிடம் இருக்கும் பழைய சங்கிலியில் KDM என்று இருக்கிறது. அதற்கு மொழிபெயர்ப்பு என்ன? 916-ஐவிட உயர்ந்தது என்றுதான் கடையில் சொன்னார்கள்.

உரசாமல் பார்
அது மாற்றை, அதாவது தங்கத்தின் சுத்தத்தைச் சொல்லும் குறி இல்லைங்க. பொடி வைத்து ஊதுவதற்குப் பதிலாகக் கேட்மியம் கலந்த பற்றவைப்பு என்பதற்கான அடையாளம். செம்பு கலந்த பொடியில் பற்றவைத்தால் உருக்கும்போது மாற்று குறையும், கேட்மியத்தில் அந்தக் குறைவு இராது, அதனால் விளம்பரமாகப் போட்டார்கள். கேட்மியப் புகை பத்தரின் நுரையீரலுக்குக் கேடு, அதனால்தான் அதைக் கைவிடச் சொன்னார்கள். 22 காரட்டா என்று அந்த மூன்று எழுத்து சொல்லாது.

ஜித்தா வழி
படத்தின் திசையையும் பாருங்கள். அரபு எண்ணில் ஏழு V மாதிரி, எட்டு அதைக் கவிழ்த்த மாதிரி, ஐந்து ஒரு வட்டம். 21 காரட் நகையில் 875 என்று அரபு எண்ணில் அடித்திருப்பார்கள். மோதிரத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படமெடுத்தால் ஏழு எட்டாகும், எட்டு ஏழாகும், வரிசையும் திரும்பும். செயலி தயங்காமல் 587 என்று வாசிக்கும். ‘கிட்டத்தட்ட 585, அப்போ 14 காரட்’ என்று நினைத்துக்கொள்வோம். மோதிரத்துக்கு மேல் கீழ் தெரியாததால் இது அடிக்கடி நடக்கும். நம் 916-ஐத் தலைகீழாகப் பிடித்தாலும் 916தான், அதனால் நமக்கு இந்தக் கவலை பழக்கமில்லை.

முத்துநதி
நல்ல குறிப்பு. மொழிபெயர்ப்பு ஏமாற்றும் இன்னொரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பணம் போகும். ‘மணல் தங்கம்’ என்று செயலி காட்டினால் ஆற்று மணலில் அரித்தெடுத்த தங்கம் என்று தோன்றும். அகராதிப்படி அதுவும் சரியே. ஆனால் மலிவு நகைச் சந்தையில் அந்தப் பெயரில் விற்பது பித்தளைமேல் முலாம் பூசிய சரக்கு. 24K என்ற எண்ணும் அதில் அடித்திருக்கும். எண்ணுக்குப் பின்னால் GP என்ற இரண்டெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், அது முலாமின் குறி. படத்தை வெட்டி எண்ணை மட்டும் காட்டுகிறவர்கள் அதைத்தான் வெட்டுவார்கள்.

வைகைக்கரை
பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தேன். இடது பக்கமிருந்து அடித்தபோது சாய்ந்த கோடு தெளிவாக வந்தது, ‘ஆயிரம்’தான். இனி இதை 999 என்று எடுத்துக்கொள்ளலாமா?

முத்துநதி
‘999 என்று செய்தவர் எழுதியிருக்கிறார்’ என்று எடுத்துக்கொள்ளலாம். அங்கே இந்த எழுத்தை அடிப்பவர் நகை செய்தவரேதான், நம் ஊரில் போல ஹால்மார்க் மையம் சோதித்து அடிப்பதில்லை. மொழிபெயர்ப்பு சொல்லின் பொருளைத் தரும், அது உண்மையா என்பது அதன் வேலை இல்லை.

உரசாமல் பார்
0.01 கிராம் காட்டும் தராசு இருந்தால் வீட்டிலேயே ஒரு படி மேலே போகலாம். தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். செயினை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் 11.42-ஐ வகுத்தால் அடர்த்தி. சுத்தத் தங்கம் 19.3, 22 காரட் ஏறக்குறைய 17.7, 18 காரட் 15-ஐ ஒட்டி, பித்தளை எட்டரை.

வைகைக்கரை
0.66 காட்டுகிறது. வகுத்தால் 17.3. அப்படியானால் 22 காரட்டுக்கும் கீழேயா?

உரசாமல் பார்
செயின் கண்ணிகளுக்குள் காற்றுக் குமிழி நிற்கும். குமிழி இடத்தை அடைப்பதால் எண் கூடும், அடர்த்தி குறைந்த மாதிரி தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, செயினை உள்ளேயே ஆட்டி, குமிழி போன பிறகு பாருங்கள்.

வைகைக்கரை
இப்போது 0.60. மூன்று முறையும் அதே. 19.03 வருகிறது.

உரசாமல் பார்
தராசு 0.01 முன்பின் காட்டலாம், அதைச் சேர்த்தால் 18.7-க்கும் 19.4-க்கும் நடுவே எங்கேயும் இருக்கலாம். 18 காரட் இல்லை, 22 இல்லை, பித்தளை முலாம் நிச்சயமாக இல்லை. 990-ஆ 999-ஆ என்பதை இந்தத் தராசு சொல்லாது. டங்ஸ்டனும் ஏறக்குறைய இதே அடர்த்தி, ஆனால் அதை வளைத்து மெல்லிய கண்ணி செய்வது கடினம் என்பதால் செயினில் எனக்கு அந்தச் சந்தேகம் குறைவு.

பத்தர் தெரு
உள்ளே பொள்ளலாகச் செய்த சீன நகைகளில் இந்தத் தண்ணீர்க் கணக்கு பலிக்காது, மிதக்கிற மாதிரி காட்டும். பொள்ளல் நகை 999 ஆகவே இருந்தாலும் எண் குறைவாக வரும். நானே ஒன்றைப் பித்தளை என்று சொல்லித் தப்பாகிவிட்டது.

காவேரிப்பாக்கம்
இதை விற்கப் போனால் HUID என்ற ஹால்மார்க் அடையாளக் குறி இல்லை என்று கடைக்காரர் தள்ளிவிடுவாரே?

உரசாமல் பார்
ஆறு இலக்க HUID கட்டாயம் கடைக்காரர் விற்பதற்குத்தான். 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் அவர் விற்கக் கூடாது, நீங்கள் பழையதைக் கொடுக்கத் தடை இல்லை. இந்தியத் தரநிர்ணய அமைப்பான BIS-இன் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்திலேயே பொதுமக்களும் சோதித்துக்கொள்ளலாம். 2022-இல் அறிவித்தபடி நாலு உருப்படி வரை 200 ரூபாய். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். BIS Care செயலியில் இந்தச் செயினைத் தேடாதீர்கள், HUID இல்லாத நகை அதில் வராது.

முத்துநதி
சோதனைக்குக் கொடுக்கும்போது தகட்டை மட்டும் காட்டாதீர்கள். கொக்கியில் தனியாக முத்திரை இருக்கிறதா? சுத்தத் தங்கத்தில் கொக்கியின் சுருள் வில் நிற்காது, அதனால் கொக்கி மட்டும் வேறு உலோகக் கலவையாக இருக்கலாம். பின்பக்கத்து இரண்டு ஆங்கில எழுத்து செய்தவரின் குறியாக இருக்கும், அதை மொழிபெயர்க்க எதுவும் இல்லை.

வைகைக்கரை
கொக்கியில் எழுத்தே இல்லை. கொக்கியின் நிறம் செயினைவிடக் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கிறது, இவ்வளவு நாள் கவனிக்கவில்லை. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.