மார்ச் 31 கணக்கு: பாஸ்புக்கில் 9,164.20 ரூபாய் கூடுதலாக நிற்கிறது

பொருளாளர், ஊரிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம சங்கத்தின் 2023-24 கணக்கை முடிக்க உட்கார்ந்தேன். 31.3.2024 அன்று நம்ம கேஷ் புக்கில் வங்கி இருப்பு 1,75,198.00. பாஸ்புக்கில் அதே தேதிக்கு 1,84,362.20. 9,164.20 கூடுதலாக வருகிறது. 1.4.2023 அன்று இரண்டும் ஒரே தொகையில்தான் தொடங்கியிருக்கின்றன. அதற்குப் பிறகு வருஷம் முழுக்க ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

கொடுத்துவிட்டு இன்னும் பணமாகாத செக் மூன்று இருக்கின்றன: பந்தல்காரருக்கு 417-ஆம் நம்பர் 12,000, கல்லூரிக் கட்டணத்துக்கு 419-ஆம் நம்பர் 8,500 (இரண்டும் மார்ச் 28), உதவித்தொகை மாணவி ஒருத்திக்கு 398-ஆம் நம்பர் 5,000 (2023 டிசம்பர் 11). மார்ச் 30 சனிக்கிழமை தக்கலையில் வங்கியில் போட்ட 15,000 ரூபாய் நன்கொடை செக்கும் பாஸ்புக்கில் இன்னும் வரவில்லை. பொதுக்குழுவுக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

மஸ்கட்டிலிருந்து:

தம்பி, இது எளிதுதான். பாஸ்புக் இருப்போடு வரவேண்டிய 15,000 கூட்டு. பணமாகாத செக் மூன்றும் சேர்த்து 25,500, அதைக் கழி. 1,73,862.20 வரும். நம்ம கேஷ் புக்கோ 1,75,198. வித்தியாசம் 1,335.80 மட்டும்தான். வங்கிக்காரன் வருஷம் முழுக்கப் பிடித்த சார்ஜாகத்தான் இருக்கும். "வங்கிக் கட்டணம் 1,335.80" என்று ஒரு வரி எழுதினால் கணக்கு முடிந்தது.

தோஹாவிலிருந்து:

30-ஆம் தேதி போட்ட செக் 31 வரைக்கும் ஏறவில்லை என்றால் அது வங்கியின் தப்பு. கிளை மேனேஜருக்கு ஒரு புகார் எழுத வேண்டியதுதானே? இன்னொன்று, நான் ஜனவரியில் அனுப்பிய 2,500 வந்து சேர்ந்ததா என்று யாரும் இதுவரை சொல்லவில்லை. அதையும் பாருங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

மஸ்கட் அண்ணன் பாஸ்புக் பக்கத்தைத் தொடங்கிய விதம் சரி. கூட்ட வேண்டியதைக் கூட்டி, கழிக்க வேண்டியதைக் கழித்திருக்கிறார். ஆனால் அந்த 1,335.80-ஐ யாரும் கட்டணம் என்று எழுதிவிடாதீர்கள். மிச்சமாக நிற்கும் தொகைக்குப் பெயர் வைத்துவிட்டால் கணக்கு சரியானதுபோலத் தெரியும். அதற்குள் பெரிய வரவும் பெரிய செலவும் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு, சின்ன வித்தியாசம் மட்டும் வெளியே தெரியலாம். கட்டணம் என்றால் பாஸ்புக்கில் அதற்கென்று வரிகள் இருக்க வேண்டும். அவற்றைக் கூட்டி வரும் தொகைதான் கட்டணம்.

புகார் எழுதத் தேவையில்லை, தோஹா தம்பி. மார்ச் 29 பெரிய வெள்ளி, விடுமுறை. 30 ஐந்தாவது சனி, வங்கி உண்டு. 31 ஞாயிறு. ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு, வாடிக்கையாளர் வேலை கிடையாது. சனிக்கிழமை போட்ட செக் செவ்வாய் 2-ஆம் தேதி ஏறினால் அது இயல்பு. ஆனால் பொருளாளர் தம்பி, ஏப்ரல் பக்கத்தைப் பதித்து அந்த 15,000 உண்மையிலேயே 2, 3 தேதிக்குள் ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஏறாமல் பத்து நாள் கழிந்திருந்தால் அதை "வழியில் இருக்கிறது" என்று சொல்ல முடியாது. செக் திரும்பியிருக்கும், அல்லது வங்கிக்கே போயிருக்காது. சங்கங்களில் பணம் காணாமல்போக வாய்ப்புள்ள இடம் இது. அதனால்தான் செலான் அடிக்கட்டையைக் கேட்பேன்.

இப்போது செய்ய வேண்டியது இது. கேஷ் புக்கையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இருப்பதைப் பென்சிலில் டிக் அடித்துக்கொண்டு வாருங்கள். தொகையை மட்டும் பார்த்து டிக் அடிக்கக் கூடாது, செக் நம்பரையும் பாருங்கள். முடிந்தபின் பாஸ்புக்கில் டிக் இல்லாமல் நிற்கும் வரிகளை மட்டும் இங்கே எழுதுங்கள்.

பொருளாளர், ஊரிலிருந்து:

அக்கா, 15,000 ஏப்ரல் 2-ல் ஏறிவிட்டது. செலான் அடிக்கட்டையும் கையில் இருக்கிறது, முத்திரை மார்ச் 30.

பாஸ்புக்கில் டிக் இல்லாதவை: வட்டி நாலு காலாண்டுக்கும் சேர்த்து 4,612. எஸ்எம்எஸ் கட்டணம் 17.70 வீதம் நாலு தடவை, 70.80. பிப்ரவரி 17-ல் யூபிஐ வரவு 2,500, பெயர் பாதியில் வெட்டிக்கிடக்கிறது. மார்ச் 14-ல் 10,000 பற்று, அதே நாளில் 177 பற்று. அந்த 10,000 என்னவென்று புரியவில்லை. மார்ச் 12-ல் நன்கொடை செக் 10,000 வரவாகியிருக்கிறது, அதற்கு டிக் அடித்துவிட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து:

அந்த 10,000 புரிந்ததா? 12-ல் போட்ட செக் 14-ல் திரும்பிவிட்டது. 177 என்பது திரும்பிய செக்குக்கான கட்டணம் 150, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 27. எஸ்எம்எஸ்ஸில் 15 ரூபாயோடு 2.70 சேர்ந்திருப்பதும் அதே கணக்கு. பாஸ்புக்கில் ஏறியதும் இறங்கியதும் இரண்டு வரியாக இருக்கும், நம்ம புக்கில் ஏறியது மட்டும் இருக்கும். வரவு வரிக்கு டிக் விழுந்த திருப்தியில் இரண்டு வரி கீழே இருக்கும் பற்றைக் கண் தாண்டிப்போகும். செக் தந்தவரிடம் திரும்பிய செய்தியைச் சொல்லுங்கள். ரசீது கொடுத்திருந்தால் அதன் அடிக்கட்டையில் "செக் திரும்பியது" என்று எழுதி வையுங்கள்.

மஸ்கட் அண்ணன் 1,335.80 என்றாரே, கட்டணம் உண்மையில் 70.80-உம் 177-உம், ஆக 247.80 மட்டும். அவர் சொன்னபடி முடித்திருந்தால் திரும்பிய 10,000 நன்கொடையாகவே அறிக்கையில் நின்றிருக்கும், வட்டி 4,612 எங்கேயும் வந்திருக்காது.

அடுத்தது 398-ஆம் நம்பர் செக். 2012 ஏப்ரல் முதல் செக் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். டிசம்பர் 11 போட்டது மார்ச் இரண்டாம் வாரத்திலேயே காலாவதி. ஆகவே மார்ச் 31-ல் அதைப் பணமாகாத செக் பட்டியலில் வைக்கக் கூடாது. வங்கி இனி அதற்குப் பணம் தராது. பாஸ்புக் பக்கம் கழிக்க 12,000-உம் 8,500-உம் மட்டும்தான், 20,500.

1,84,362.20 + 15,000 − 20,500 = 1,78,862.20. கேஷ் புக் இந்தத் தொகைக்கு வந்து சேர வேண்டும்.

மஸ்கட்டிலிருந்து:

சரிம்மா, கட்டண விஷயம் ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் பணமாகாத மூன்று செக்கையுமே கேஷ் புக்கில் திரும்ப வரவு வைத்துவிடலாமே? பணம் நம்ம கணக்கில்தானே கிடக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து:

வேண்டாம் அண்ணா. 417-உம் 419-உம் நாம் கொடுத்து முடித்த பணம். பந்தல்காரர் நாளைக்கே செக்கைப் போட்டால் 12,000 போய்விடும். கேஷ் புக்கில் திரும்ப வைத்தால் அந்த இருப்பை நம்பி யாராவது இன்னொரு செக் எழுதுவார்கள். அவை பட்டியலில் மட்டும் வரும், கேஷ் புக்கில் கை வைக்கக் கூடாது. 398 மட்டும் திரும்ப வரும். அதையும் வருமானமாக எழுதாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு 5,000 நாம் இன்னும் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். "கொடுக்க வேண்டியவை" தலைப்பில் வையுங்கள். பழைய செக்கைக் கையில் வாங்கிக்கொண்டு புதுசு கொடுங்கள்.

இப்போது கேஷ் புக் பக்கம்:

இருப்பு 1,75,198.00
கூட்ட: காலாவதி செக் 5,000, வட்டி 4,612, யூபிஐ வரவு 2,500
கழிக்க: திரும்பிய செக் 10,000, கட்டணங்கள் 247.80
வருவது 1,77,062.20

1,78,862.20 வர வேண்டும். 1,800 குறைகிறது.

பொருளாளர், ஊரிலிருந்து:

அக்கா, நானும் இதே இடத்தில்தான் நிற்கிறேன். மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன், கூட்டல் சரி. ஒருவேளை 1,800-க்கு ஏதாவது விட்டுப்போயிருக்குமோ?

கோயம்புத்தூரிலிருந்து:

முதலில் 1,800 என்ற தொகையில் ஒரு வரி இரண்டில் எந்தப் புக்கிலாவது தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாதி, 900, நம்ம புக்கில் வரவில் எழுத வேண்டியது செலவில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் 1,800-ஐ ஒன்பதால் வகுங்கள். மிச்சம் இல்லாமல் வகுபடுகிறது. அப்படி வந்தால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 900-ஆல் வகுத்தால் 2 வருகிறது. ஆயிரத்தின் இலக்கமும் நூற்றின் இலக்கமும் மாறியிருக்கும், இரண்டுக்கும் நடுவில் 2 வித்தியாசம் இருக்கும். 6-உம் 4-உம், 3-உம் 5-உம் என்பதுபோல. நம்ம புக் குறைவாகக் காட்டுவதால், செலவைக் கூடுதலாக எழுதியிருக்கலாம், அல்லது வரவைக் குறைத்து எழுதியிருக்கலாம். ஒன்பதால் வகுபடுவது வேறு காரணத்தாலும் நடக்கும், அதனால் வரியைக் கண்ணால் பார்க்காமல் மாற்றாதீர்கள். டிக் அடிக்கும்போது நம்பர் சரி, தொகை கிட்டத்தட்ட சரி என்று விட்ட வரியில்தான் இருக்கும்.

பொருளாளர், ஊரிலிருந்து:

கிடைத்துவிட்டது! 411-ஆம் நம்பர், நாகர்கோவில் அச்சகத்துக்கு. செக் அடிக்கட்டையிலும் பாஸ்புக்கிலும் பில்லிலும் 4,650. கேஷ் புக்கில் 6,450. அடித்து 4,650 என்று திருத்திவிடட்டுமா?

கோயம்புத்தூரிலிருந்து:

அடிக்கவோ மேலே எழுதவோ வேண்டாம். மார்ச் 31 தேதியிட்டுத் தனி வரி எழுதுங்கள்: "செக் 411, 4,650-க்கு 6,450 எனத் தவறாக எழுதியது, திருத்தம் 1,800". வட்டி, யூபிஐ வரவு, கட்டணம், திரும்பிய செக், 398 எல்லாவற்றையும் அதே தேதியில் தனித்தனி வரியாக எழுதினால் கேஷ் புக் இருப்பு 1,78,862.20-க்கு வந்துவிடும். அதற்குப் பிறகு பட்டியலில் நிற்க வேண்டியவை மூன்றே மூன்று: வழியில் இருந்த 15,000, செக் 417, செக் 419. அடுத்த முறை ஒப்பிடும்போது இந்த மூன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். இனி மாதாமாதம் செய்யுங்கள், இவ்வளவும் பத்து நிமிஷ வேலையாகிவிடும்.

2,500-ஐ நன்கொடை என்று எழுதாதீர்கள். யாருடையது என்று தெரியும்வரை சஸ்பென்ஸ் கணக்கில் இருக்கட்டும்.

தோஹாவிலிருந்து:

அது என்னுடையதுதான் என்று நினைக்கிறேன் அக்கா. தொகை அதேதான்.

கோயம்புத்தூரிலிருந்து:

தொகை ஒத்துப்போனால் போதாது தம்பி. நீங்கள் அனுப்பியது ஜனவரி, இது பிப்ரவரி 17. எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் வழியாக அனுப்பியிருந்தால் யூபிஐ என்று வந்திருக்காது. பாஸ்புக் வரியில் 12 இலக்க எண் இருக்கும், பொருளாளர் அதைத் தனியாக உங்களுக்கு அனுப்பட்டும். உங்கள் போனில் இருக்கும் எண்ணோடு ஒத்தால் உங்களுடையது.

தோஹாவிலிருந்து:

நான் எக்ஸ்சேஞ்சில் அம்மா கணக்குக்குத்தான் அனுப்பினேன். அங்கிருந்து தங்கை சங்கத்துக்கு அனுப்பியிருக்கலாம். அவள் போனில் பார்க்கச் சொல்கிறேன்.

பொருளாளர், ஊரிலிருந்து:

எண்ணை உங்களுக்கு அனுப்பிவிட்டேன் அண்ணா. தங்கச்சி பார்த்துச் சொல்லும்வரை சஸ்பென்ஸில்தான் இருக்கும். 398-ஆம் செக் இன்னும் அந்த மாணவி வீட்டிலேயே இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வருகிறேன்.