பாலிஅனிலின் உணரியின் மின்தடை பழைய நிலைக்குத் திரும்பவில்லை: உதவி தேவை

வணக்கம். வளையும் பாலியெஸ்டர் தாளின் மேல் பாலிஅனிலின் படலம் பூசி, அதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் மாசூட்டி, அம்மோனியாவை அறியும் உணரி ஒன்றைச் செய்து வருகிறேன். பாலிஅனிலின் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்புகளும் இரட்டைப் பிணைப்புகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்திருந்தாலும், அமிலத்தின் புரோட்டான்கள் நைட்ரஜன் அணுக்களில் ஏறிய பிறகே அது நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது. அம்மோனியா அந்தப் புரோட்டான்களைப் பறித்துக்கொள்வதால் பச்சைப் படலம் நீலமாக மாறி, மின்தடை உயர்கிறது.

முதல் சோதனையில் 2 கிலோ ஓம் ஆக இருந்த மின்தடை 9 வரை உயர்ந்து, தூய காற்றைச் செலுத்தியதும் 2.3 வரை இறங்கியது. பத்தாவது சுற்றிலோ ஒரு மணி நேரம் காத்திருந்தும் 4-க்குக் கீழே வரவில்லை. வளைத்ததால் விரிசல் விட்டிருக்குமோ என்று முதலில் அஞ்சினேன். ஆனால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடங்கள் தோய்த்து உலர்த்தியதும் பச்சை நிறமும் பழைய மின்தடையும் திரும்பிவிட்டன. ஆகவே சங்கிலி சிதையவில்லை, எளிதில் ஆவியாகும் அமிலமே படலத்திலிருந்து வெளியேறுகிறது என்று கருதுகிறேன்.

ஆவியாகாத கேம்ஃபர் சல்ஃபோனிக் அமிலத்துக்கு மாறலாம் என எண்ணுகிறேன். அதன் பெரிய எதிர்மின் அயனி படலத்திலேயே தங்கும் என்றாலும், அம்மோனியா உட்புகும் வேகத்தை அது குறைத்துவிடுமா? காற்றின் ஈரப்பதமும் மின்தடையை மாற்றுவதால், அதன் விளைவைத் தனியே பிரித்தறிய நீங்கள் கையாண்ட முறையையும் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.