செம்பனை எண்ணெய் முன்பேர விலை: என் கணக்கு எங்கே இடிக்கிறது?

வணக்கம் அண்ணன், அக்காமார்களே. பினாங்கில் பகுதிநேரமாக நிதித்துறை படிக்கிறேன். பாடக் கணக்கை நம் ஊர்ச் சரக்கிலேயே போட்டுப் பார்க்கலாமே என்று செம்பனை எண்ணெயை எடுத்தேன். மலேசியச் சந்தையான புர்சாவில் ஒரு ஒப்பந்தம் 25 டன், விலை டன்னுக்கு மலேசிய வெள்ளியில்.

எண்கள் எல்லாம் நானே வைத்துக்கொண்டவை. இன்றைய விலை 4,000 வெள்ளி. கடன் வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு, மூன்று மாதத்துக்கு 40 வெள்ளி. தொட்டி வாடகை மாதம் 12, தவணை முடிவில் மொத்தமாகக் கட்டினால் 36. இன்றைய விலை `S`, வட்டி `r`, காலம் `T`, வாடகை `U` என்றால், மூன்று மாத முன்பேர விலை `F`:

`F = S(1 + rT) + U = 4000 + 40 + 36 = 4076`

வாடகையை முன்பணமாகக் கட்டினால் அதற்கும் வட்டி சேரும். ஆனால் அது 36 காசுதான், விட்டுவிடலாம்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். மூன்று மாத விலை சந்தையில் 3,940 என்றால்? விலை 4,076-ஐத் தாண்டினால் சரி, கடன் வாங்கி எண்ணெயை வாங்கித் தொட்டியில் போட்டு, முன்பேரத்தில் விற்றுவிடலாம். கீழே போனால் இதைத் திருப்பிச் செய்ய, கையில் எண்ணெய் இருக்க வேண்டும். சுத்திகரிப்பு ஆலைக்காரர் ஓடுகிற ஆலையை நிறுத்திவிட்டு இருப்பை விற்பாரா? அந்த 136 வெள்ளி இடைவெளியைத்தான் கையிருப்பின் பயன் என்று புரிந்துகொண்டேன். சரிதானா?

பட்டர்வொர்த் தொட்டிகளில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் இன்னொன்று: வாடகை டன் கணக்கா, தொட்டிக் கணக்கா? எண்ணெய் கிடக்கக் கிடக்க கொழுப்பு அமிலம் ஏறுமே, அந்த நட்டத்தையும் `U`-வில் சேர்ப்பீர்களா?