சந்தேகம்: விலை 84.20 வரை இறங்கியது, 84.20-க்குப் போட்ட என் வாங்கும் ஆர்டர் மட்டும் ஏன் நிற்கிறது?

நொய்யல்கரை

என்எஸ்இ-யில் ஒரு சின்ன நிறுவனத்தின் பங்கு. 10:42-க்கு 84.20 லிமிட் வைத்து 300 பங்கு வாங்க ஆர்டர் போட்டேன். இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்கலாம் என்று 11:06-க்கு அதே ஆர்டரை 500 ஆக மாற்றினேன். 11:20-க்குப் பிறகு விலை இறங்கி 84.20 வந்தது. இன்றைய குறைந்த விலையும் 84.20 என்றுதான் திரையில் இருக்கிறது. அப்புறம் 86-க்கு ஏறிவிட்டது. எனக்கு ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை, ஆர்டர் இன்னும் "ஓப்பன்" என்று நிற்கிறது. புரோக்கர் என் ஆர்டரை அனுப்பவே இல்லையோ?

வாசுகி

எக்ஸ்சேஞ்சில் பெரிய ஆர்டருக்குத்தான் முதலிடம். 500 பங்கையெல்லாம் கடைசியில்தான் பார்ப்பார்கள். ஃபண்ட் ஆட்கள் லட்சக்கணக்கில் போட்டிருப்பார்கள், வந்ததெல்லாம் அவர்களுக்குப் போயிருக்கும்.

பழைய டீலர்

வாசுகி சொல்வது வேறு ஊர்க் கணக்கு. சிகாகோவில் வட்டி விகித ஃப்யூச்சர்ஸ் சிலவற்றில் ஆர்டரின் அளவைப் பார்த்துப் பங்கு பிரிக்கும் முறை உண்டு. என்எஸ்இ பங்குச் சந்தையில் அப்படி இல்லை. இங்கே முதலில் விலை: கூடுதல் விலை தருகிறவர் முன்னே நிற்பார். ஒரே விலையில் பலர் இருந்தால் யார் முதலில் வந்தாரோ அவர். பத்து பங்கு கேட்டவர் முன்னால் இருந்தால் லட்சம் கேட்டவர் பின்னால்தான்.

நொய்யல்கரை, டெப்த் திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா? 10:42, 11:06 இரண்டு நேரத்திலும் 84.20-க்கு எதிரே எவ்வளவு இருந்தது?

நொய்யல்கரை

இருக்கிறது சார். 10:42-க்கு ஆர்டர் போட்டதும் 84.20-இல் மொத்தம் 2,450, என்னுடையதையும் சேர்த்து. 11:06-க்கு மாற்றிய பிறகு 4,900. 11:20-க்கு முழுத் திரை இப்படி:

```
வாங்க              விற்க
84.20   5,480      84.30     400
84.18   1,200      84.35     250
84.15   2,750      84.60     900
84.10     600      84.75     320
84.00   9,100      85.00   6,700
```

அதுவரை 84.20-இல் வியாபாரமே நடக்கவில்லை, அன்றைய குறைந்த விலை 84.26-ஆகத்தான் இருந்தது. 11:31-க்கு 84.20-இல் 1,900 மிச்சம் இருந்தது. அதோடு விலை மேலே போய்விட்டது.

பழைய டீலர்

புரோக்கர் அனுப்பியிருக்கிறார். அனுப்பவில்லை என்றால் அந்தத் தொகையில் உங்கள் பங்குகள் சேர்ந்திருக்காது. விஷயம் 11:06-இல் இருக்கிறது.

10:42-க்கு உங்களுக்கு முன்னால் 2,150 பங்குக்கான ஆட்கள் இருந்தார்கள். ஆர்டரில் எண்ணிக்கையைக் கூட்டினாலோ விலையை மாற்றினாலோ எக்ஸ்சேஞ்ச் அதைப் புதிதாக வந்த ஆர்டராக எடுத்துக்கொள்ளும். பழைய நேரம் போய்விடும். எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் இடம் போகாது. ஆக 11:06-க்கு 4,400 பங்குக்குப் பின்னால் போய் நின்றுவிட்டீர்கள்.

11:20-இலிருந்து 11:31-க்குள் 5,480 இருந்த இடத்தில் 1,900. அதாவது 3,580 பங்கு குறைந்திருக்கிறது. பழைய 300 அப்படியே இருந்திருந்தால் 2,450-க்குள் உங்கள் முறை வந்திருக்கும், கிடைத்திருக்கும். 4,400-க்குப் பின்னால் நின்றதால் கைக்கு வரவில்லை. இந்த 3,580-இல் எவ்வளவு விற்பனை, எவ்வளவு பேர் ஆர்டரை ரத்து செய்துவிட்டுப் போனார்கள் என்று இந்தத் திரையில் தெரியாது. புதிதாக வந்து சேர்ந்தவர்களும் இருப்பார்கள். அதனால் துல்லியக் கணக்கு இல்லை, ஆனால் கதை இதுதான்.

அடுத்த முறை 300-ஐத் தொடாதீர்கள். 200-க்குத் தனி ஆர்டர் போடுங்கள், அது மட்டும் பின்னால் போகும்.

நொய்யல்கரை

புரிகிறது சார். அப்போ அந்த 84.20 "விலை" என்பது யார் வைத்த விலை? அதே விலைக்கு நானும் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்.

பழைய டீலர்

யாரும் வைப்பதில்லை. திரையில் பெரிதாகத் தெரியும் எண் கடைசியாக முடிந்த வியாபாரத்தின் விலை, அவ்வளவுதான். அந்த விலையில் இன்னொரு பங்கு கிடைக்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

உங்கள் 11:20 திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் விலை குறிக்காமல், கிடைக்கிற விலைக்கு 1,000 பங்கை மார்க்கெட் ஆர்டரில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் 400 பங்கு 84.30-க்கு, அடுத்த 250 பங்கு 84.35-க்கு, மீதி 350 பங்கு 84.60-க்கு. அவருக்குச் சராசரி 84.42 விழும், திரையில் விலை 84.60 என்று மாறும். எந்தச் செய்தியும் வரவில்லை, நிறுவனத்தில் எதுவும் நடக்கவில்லை. விற்கும் பக்கம் மெலிந்திருந்தது, ஒருவர் அவசரப்பட்டார். அதே 1,000 பங்கை அவர் விற்றிருந்தால் 84.20-இல் நின்ற கூட்டம் மொத்தத்தையும் வாங்கியிருக்கும், விலை 84.20-க்குக் கீழே போயிருக்காது.

இன்னொன்று. வியாபாரம் எப்போதும் ஏற்கெனவே காத்திருந்தவரின் விலையில்தான் முடியும். நீங்கள் 84.50 லிமிட் வைத்து 300 கேட்டிருந்தாலும் 84.30-க்குத்தான் கிடைத்திருக்கும்.

கரூர் மணி

எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் தலைகீழ். 210-இல் ஸ்டாப் லாஸ் வைத்திருந்தேன், 206.40-க்கு விற்றுவிட்டார்கள். நான் 206 என்று எங்கேயும் போடவில்லை. இதுவும் வரிசைப் பிரச்சினையா?

பழைய டீலர்

இது வேறு, மணி. நீங்கள் போட்டது மார்க்கெட் வகை ஸ்டாப் லாஸாக இருக்கும். 210 தொடும்வரை அந்த ஆர்டர் வாங்குவோர் விற்போர் வரிசையிலேயே கிடையாது, தனியாக ஓரமாக இருக்கும். கடைசி வியாபார விலை 210-ஐத் தொட்டதும் மார்க்கெட் ஆர்டராக உள்ளே வரும். வரும்போது வாங்க நிற்பவர்கள் எந்த விலையில் இருக்கிறார்களோ அந்த விலைதான். 210-இல் பலருடைய ஸ்டாப் லாஸும் ஒன்றாக அவிழ்ந்தால் 209, 208 எல்லாம் நொடியில் காலியாகும். லிமிட்டோடு போட்டால் அந்த விலைக்குக் கீழே விற்காது. ஆனால் விலை அதைத் தாண்டி விழுந்துவிட்டால் விற்காமலே மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

2012 அக்டோபர் 5 நினைவிருக்கிறதா? ஒரு புரோக்கர் அலுவலகத்திலிருந்து தவறாகப் போன 59 ஆர்டர்கள், 650 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம். நிஃப்டி சில நொடிகளில் 900 புள்ளி அளவுக்குச் சரிந்தது. வாங்கும் பக்கத்தில் இருந்ததையெல்லாம் வழித்து எடுத்துவிட்டது.

வாசுகி

சரி, அளவு பற்றிச் சொன்னதை விடுங்கள். ஆனால் வாங்கும் பக்கம் மொத்தம் அதிகமாக இருந்தால் விலை ஏறும் என்பது உண்மைதானே? அவர் திரையில் வாங்கும் பக்கம் 19,130, விற்கும் பக்கம் 8,570. 86-க்கு ஏறியதே.

பழைய டீலர்

ஏறியது, ஆனால் அந்தக் கூட்டலை நம்பிப் பணம் போட மாட்டேன். 84.00-இல் நிற்கும் 9,100-ஐப் பாருங்கள், பாதி எடை அது. இப்போது வாங்கத் தயாராக இருக்கிறவர் ஏன் 20 பைசா கீழே நிற்க வேண்டும்? பெரிய விற்பனையாளர் வேறு, ஆர்டரில் பத்தில் ஒரு பங்கை மட்டும் காட்டிவிட்டு மீதியை மறைத்து வைக்கலாம், எக்ஸ்சேஞ்சே அனுமதிக்கிறது. 84.30-இல் தெரியும் 400-க்குப் பின்னால் இன்னும் 3,600 இருக்கலாம்.

நொய்யல்கரை

அந்த 9,100 பற்றிக் கேட்க நினைத்தேன். விலை 84.20-க்கு வந்ததுமே அது காணாமல் போய்விட்டது. 84.00-இல் வியாபாரமே நடக்கவில்லை. பொய்யாக வைத்து எடுத்துவிட்டார்களா?

பழைய டீலர்

இருக்கலாம். மனம் மாறி எடுத்தவராகவும் இருக்கலாம். ஐந்து நிலை தெரியும் திரையை வைத்து இதைச் சொல்ல முடியாது. ஒரே கணக்கிலிருந்து திரும்பத் திரும்ப வைத்து எடுக்கிறார்களா என்பது எக்ஸ்சேஞ்சுக்கும் செபிக்கும்தான் தெரியும்.

கரூர் மணி

நொய்யல்கரை, பேசாமல் 84.21 போட்டிருக்கலாமே?

பழைய டீலர்

மணி சொல்வது சரி. 2024 ஜூனிலிருந்து 250 ரூபாய்க்குக் கீழே உள்ள பங்குகளுக்கு என்எஸ்இ-யில் ஒரு பைசா இடைவெளி வந்துவிட்டது. 84.21 வைத்தால் 500 பங்குக்குக் கூடுதல் செலவு ஐந்தே ரூபாய், 84.20-இல் நிற்கும் அத்தனை பேருக்கும் முன்னால் போய்விடலாம். ஆனால் பின்னாலேயே இன்னொருவர் 84.22 வைப்பார்.

நொய்யல்கரை

நன்றி சார். ஆர்டரை ரத்து செய்துவிட்டேன். 86-க்குத் துரத்தப்போவதில்லை.