இரண்டரை மணி நேரம் 2.30 ஆகப் போன கதை

பின்னலாடைக் கணக்கர்
திருப்பூர் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். ஓ.டி. தாளை சூப்பர்வைசர் கையால் எழுதி ஸ்கேன் செய்து அனுப்புவார். போன மாதம் தையல் பிரிவு அக்கா ஒருவர் சம்பளச் சீட்டோடு வந்து, "தம்பி, பன்னிரண்டுக்குக் கால் மணிதான் குறைச்சல். இதுல பதினொண்ணுகூட இல்லையே" என்றார். தாளை எடுத்தேன்: 2.30, 1.45, 3.15, 2.30, 1.45. அப்படியே தட்டிக் கூட்டியதில் 10.65 வந்திருந்தது. புள்ளிக்குப் பின்னால் இருந்ததோ நிமிடம். 2.30 என்பது 2.5, 1.45 என்பது 1.75, 3.15 என்பது 3.25. மொத்தம் 11.75. மணிக்கு 60 ரூபாய், ஓ.டி. இரட்டிப்பு. அவருக்கு 132 ரூபாய் குறைத்திருக்கிறேன். கொடுத்துவிட்டோம். கேட்காமல் போனவர்களை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. மூன்று மாதத் தாள்களை மறுபடி பார்க்கிறேன்.

கோவை ஸ்டோர்ஸ்
எக்செல்லில் 24-ஆல் பெருக்குங்கள், முடிந்தது. நான் வருடக்கணக்காக அப்படித்தான் செய்கிறேன்.

பழைய பேரோல் ஆள்
செல்லில் 2:30 என்று நேரமாக இருந்தால் அது சரி. எக்செல் நேரத்தை ஒரு நாளின் பங்காக வைத்திருக்கும், அதனால் 24. ஸ்கேனிலிருந்து வரும் 2.30 வெறும் எண், பெருக்கினால் 55.2. அது உடனே கண்ணில் பட்டுவிடும். 10.65 நியாயமான எண் மாதிரி இருப்பதால்தான் தப்பிவிடுகிறது. இதைப் போடுங்கள்:

```
=INT(A2)+MOD(A2,1)*100/60
```

ஆனால் முதலில் தாள் முழுவதையும் ஒரு பார்வை பாருங்கள். புள்ளிக்குப் பின்னால் எங்கேயாவது 75 இருந்தால், எழுதியவர் ஏற்கனவே தசமத்தில் எழுதியிருக்கிறார். அதில் இந்த ஃபார்முலாவைப் போட்டால் 2.75 என்பது 3.25 ஆகி, அரை மணி கூடிவிடும். வெறும் 2.5 என்று இருந்தால் ஊகிக்கவே கூடாது. இரண்டு மணி ஐந்து நிமிடமா, ஐம்பதா, இரண்டரையா? எழுதியவருக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

நைட் ஷிப்ட்
எனக்கும் இதே தொல்லை. இரவு 10-க்கு வந்து காலை 6-க்குப் போனால் மைனஸில் காட்டுகிறது.

பழைய பேரோல் ஆள்
உங்களுடையது வேறு, நள்ளிரவைத் தாண்டுவதால் வருவது. `=MOD(B2-A2,1)*24` போட்டால் 8 வரும்.

பின்னலாடைக் கணக்கர்
ஃபார்முலா வேலை செய்கிறது, நன்றி அண்ணா. இன்னொன்று. தினம் 20 நிமிடம் என்று மூன்று நாள் இருந்தால் 0.33 மூன்று சேர்ந்து 0.99 ஆகிறது.

பழைய பேரோல் ஆள்
நாளுக்கு நாள் மாற்றாமல் நிமிடங்களைக் கூட்டி, கடைசியில் ஒரே தடவை 60-ஆல் வகுங்கள். அறுபது நிமிடம், சரியாக 1.

பின்னலாடைக் கணக்கர்
எங்கள் சாஃப்ட்வேர் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக இரண்டு தசமம்தான் வாங்குகிறது. கடைசி நாளில் 0.34 போடலாமா என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். வேறு யாராவது இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?