அனுப்பியது 6,000 டாலர், சேர்ந்தது 5,963: இடையில் பிடிக்கப்பட்ட தொகை குறித்த அனுபவங்கள்

தொடரைத் தொடங்கியவர்:
வெளிநாட்டில் படிக்கும் என் தங்கையின் கல்விக் கட்டணமாக 6,000 டாலரை வங்கி வழியாக அனுப்பினேன். என் வங்கி தன் கட்டணத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு, 6,000 டாலர் முழுமையாகச் செலுத்தப்பட்டதாக ரசீதும் கொடுத்தது. எனினும் கல்லூரிக் கணக்கில் 5,963 டாலரே வரவு வைக்கப்பட்டதால், 37 டாலர் நிலுவை என்று கூறிப் பதிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இதை யார் எடுத்தார்கள் என்று எப்படி அறிவது? அடுத்த முறை முழுத் தொகையும் சேர என்ன செய்ய வேண்டும்?

மரச்சாமான் ஏற்றுமதியாளர்:
எனக்கும் இப்படித்தான் ஒவ்வொரு முறையும் இரண்டு விழுக்காடு குறைந்து வருகிறது. வாங்குபவர் டாலரில் அனுப்புகிறார், எங்கள் நாணயத்தில் வரவாகும்போது கணக்கு இடிக்கிறது. வங்கிகள் எல்லாமே இப்படித்தான்.

வங்கியின் அயல்நாட்டுப் பிரிவில் பணியாற்றியவர்:
ஏற்றுமதியாளர் சொல்வது பெரும்பாலும் நாணய மாற்று விகிதத்தில் ஏற்படும் இழப்பு. அது தொகை கூடக் கூடத் தானும் கூடும். பணம் செல்லும் வழியில் உள்ள இடைநிலை வங்கியின் பிடித்தமோ பெரும்பாலும் 15, 20, 25 என்று நிலையான தொகையாகவும், அனுப்பிய அதே நாணயத்திலும் இருக்கும். இங்கே டாலராகவே அனுப்பி, டாலராகவே பெற்று, 37 குறைந்திருப்பதால், வழியில் ஒன்றுக்கு மேற்பட்ட வங்கிகள் எடுத்திருக்கக் கூடும்.

பணத்துடன் வங்கிகளுக்கிடையே செல்லும் செய்தியின் நகலைத் தங்கள் வங்கி தந்தாலும் அதில் இது தெரியாது, ஏனெனில் அது புறப்பட்ட நிலையிலான நகல். கல்லூரியின் வங்கி பெற்ற நகலைக் கல்லூரி நிதிப் பிரிவு மூலம் கேட்டு வாங்குங்கள்.

தொடரைத் தொடங்கியவர்:
கேட்டு வாங்கிவிட்டேன், ஐயா. தேவையான வரிகள் இவை:

```
:32A:240612USD5963,
:33B:USD6000,
:71A:SHA
:71F:USD15,
:71F:USD22,
```

வங்கியின் அயல்நாட்டுப் பிரிவில் பணியாற்றியவர்:
விடை இதிலேயே இருக்கிறது. 33B தாங்கள் அனுப்பச் சொன்ன தொகை, 32A கடைசி வங்கிக்கு வந்து சேர்ந்த தொகை. இரண்டு 71F வரிகளும் வழியில் இரண்டு வங்கிகள் பிடித்தவை. 71A இல் SHA என்று இருப்பதால், தங்கள் வங்கியின் கட்டணம் மட்டுமே தங்களைச் சேர்ந்தது, அதற்கு அப்பால் உள்ள கட்டணங்கள் பெறுநரைச் சேர்ந்தவை என்று பொருள். எனவே அந்த வங்கிகள் விதியை மீறவில்லை, பணத்தைத் திரும்பக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. 37 டாலரைத் தனியாக அனுப்பினால் அதிலும் பிடித்தம் நேரும் என்பதால், அட்டை வழியாகச் செலுத்த முடியுமா என்று கல்லூரியிடம் கேட்பது நல்லது.

வெளிநாட்டில் பணிபுரியும் செவிலியர்:
இதற்கு எளிய வழி இருக்கிறது. படிவத்தில் OUR என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும், ஒரு காசு கூடக் குறையாது. நான் எப்போதும் அப்படித்தான் வீட்டுக்கு அனுப்புகிறேன்.

வங்கியின் அயல்நாட்டுப் பிரிவில் பணியாற்றியவர்:
அம்மா, தேர்வு சரியானது, ஆனால் "ஒரு காசு கூட" என்று உறுதி கூற முடியாது. OUR என்று குறித்தால் எல்லாக் கட்டணமும் அனுப்புநருடையது. சில வங்கிகள் அதை முன்கூட்டியே வசூலித்து, அசலுடன் அடுத்த வங்கிக்கு அனுப்பிவிடும். அப்போது 33B இல் 6,000, முன்கூட்டி வசூலித்த கட்டணத்தைக் காட்டும் 71G இல் 25, 32A இல் 6,025 என்று காணப்படும். வேறு சில வங்கிகளில், வழியில் உள்ள வங்கி முழுத் தொகையைக் கடத்திவிட்டுப் பின்னர் தனியாகக் கட்டணம் கோரும். அந்தக் கோரிக்கை வாரங்கள் கழித்தும் தங்கள் கணக்கில் பற்றாக வரலாம். எனவே வங்கியிடம் கேட்க வேண்டிய கேள்வி, "OUR உண்டா?" என்பது மட்டுமன்று. "முழுத் தொகை சேரும் என்று உறுதியளிக்கும் சேவை உண்டா, இதற்கு மேல் பின்னர் ஏதேனும் பிடிப்பீர்களா?" என்று எழுத்தில் கேளுங்கள். புதிய செய்தி வடிவமான pacs.008 இல் இதே தேர்வு DEBT என்றும், SHA என்பது SHAR என்றும் எழுதப்படும்.

மொழிபெயர்ப்பாளர்:
OUR என்று அனுப்பியும் என் வாடிக்கையாளரின் பணம் எனக்கு 20 டாலர் குறைந்து வந்தது. அவருடைய நகலில் OUR தெளிவாக இருக்கிறது. எனக்கு வந்த செய்தியில் 71F வரியே இல்லை.

வங்கியின் அயல்நாட்டுப் பிரிவில் பணியாற்றியவர்:
தங்களுக்கு வந்த செய்தியின் 32A இல் முழுத் தொகையும் இருந்தால், தங்கள் வங்கியே உள்வரவுக் கட்டணமாகப் பிடித்திருக்க வேண்டும். அங்கேயே குறைந்திருந்தால், இடையில் ஒரு வங்கி குறிப்பை மதிக்காமல் பிடித்திருக்கிறது. அப்படியானால், அனுப்பிய வங்கி மூலம் விசாரணை கோரலாம்.

மொழிபெயர்ப்பாளர்:
32A இல் முழுத் தொகைதான் இருக்கிறது. ஆனால் அப்படியொரு கட்டணம் தங்கள் பட்டியலிலேயே இல்லை என்று என் வங்கி எழுதியிருக்கிறது. மீண்டும் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கே பதிவிடுகிறேன்.