பங்கு வாங்கிய காரணத்தை எழுதி வைக்கத்தான் வேண்டுமா?

வெண்பனி: வாங்கிய தேதி, விலை, லாபம் எல்லாம் தரகு நிறுவனத்தின் கணக்கறிக்கையிலேயே இருக்கும்போது, காரணத்தை எழுத ஒரு தனிக் குறிப்பேடு எதற்கு?

நேர்கோடு: தேவையில்லை. சொந்தப் பணத்தைப் போட்டவருக்கு ஏன் போட்டோம் என்பது மறக்காது. லாபமா நட்டமா என்பதைக் கணக்கறிக்கையே சொல்லிவிடுகிறது.

ஆழி: மறப்பதில்லை, மாறிவிடுகிறது, சிக்கல் அதுதான். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சனின் சீன, சோவியத் பயணங்களுக்கு முன்பு, என்னென்ன நடக்கக்கூடும் என்று சிலரிடம் மதிப்பிடச் சொன்னார்கள். பயணம் முடிந்தபின் அதே மதிப்பீட்டை நினைவுகூரச் சொன்னபோது, நடந்தவற்றை முன்பே கூடுதலாக எதிர்பார்த்திருந்ததாகப் பலர் சொன்னார்கள். பங்கிலும் இதுவே நிகழ்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: "புதிய ஆலை இயங்கத் தொடங்கியதும் செயல்பாட்டு லாப விகிதம் 12 சதவீதத்திலிருந்து இரண்டு ஆண்டுகளில் 16 ஆகும்" என்று எழுதி 100 ரூபாய்க்கு ஒரு பங்கை வாங்குகிறோம். இரண்டு ஆண்டுகள் கழித்து விலை 140; விகிதமோ 11. அத்துறையின் பங்குகள் எல்லாமே ஏறியதால் இதுவும் ஏறியிருக்கிறது. கணக்கறிக்கையில் இது வெற்றி. குறிப்பேட்டில், வாங்கிய காரணம் பொய்த்துப்போன பங்கு. இனி இதை வைத்திருப்பதற்குப் புதிய காரணம் வேண்டும்.

நேர்கோடு: எல்லோரும் இப்படியா எழுதுகிறார்கள்? "நல்ல நிர்வாகம், நீண்டகால வளர்ச்சி" என்று எழுதுவார்கள். விலை எப்படிப் போனாலும் அதற்குப் பொருள் சொல்லிக்கொள்ளலாம்.

ஆழி: ஒப்புக்கொள்கிறேன், அப்படிப்பட்ட குறிப்பு வீண்தான். எந்த எண், எந்தத் தேதிக்குள், எது நடந்தால் என் கணிப்பு தவறு என்ற மூன்றும் வாங்குவதற்கு முன்பே எழுதப்பட வேண்டும். பழைய வரியை அழிக்காமல், மாறிய எண்ணத்தை அதன் கீழே தேதியிட்டு எழுத வேண்டும். மறுபார்வையின்போது விலையைப் பார்க்கும் முன் குறிப்பையும் நிதிநிலை முடிவுகளையும் படித்துவிடுவது நல்லது. விலையை முதலில் பார்த்தவர் காரணத்தை அதற்கேற்ப வளைத்துவிடுவார்.

மாலைவெயில்: நான் மாதந்தோறும் குறியீட்டு நிதியில் மட்டுமே போடுகிறேன். ஒவ்வொரு மாதமும் நான் எதை எழுதுவது?

ஆழி: மாதந்தோறும் எழுத வேண்டாம். இப்பணம் எப்போது தேவைப்படும், சந்தை 30 சதவீதம் விழுந்தால் என்ன செய்வேன் என்பதைச் சந்தை அமைதியாக இருக்கும்போது ஒரே ஒரு முறை எழுதுங்கள்.

நேர்கோடு: ஆண்டுக்கு நான்கைந்து பங்குகள் வாங்குபவர், தம்முடையது திறமையா அதிர்ஷ்டமா என்று எப்போது அறிவார்?

ஆழி: அவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் லாப விகிதக் கணிப்புகள் தொடர்ந்து பொய்க்கின்றனவா, கடன் குறையும் என்ற கணிப்புகள் பலிக்கின்றனவா என்பது சில ஆண்டுகளில் தெரியத் தொடங்கும்.

நேர்கோடு: அதுவும் தற்செயலாக இருக்கலாம் அல்லவா? இந்த ஒன்றில் நீங்கள் என்னை இன்னும் இணங்க வைக்கவில்லை.